அண்ணன் விற்கச் சொன்ன லொறி

கல்முனையில் நாங்கள் நடத்திய நெல் வியாபாரம் பிரிக்காத குடும்பச் சொத்து. இந்தியாவில் சொந்த ஊரில் இருந்த அண்ணன்தான் குடும்பத்துக்குக் கர்த்தா. அவர் யாரையும் கேட்க மாட்டார், கடிதம் மட்டும் போடுவார். அவர் தந்த அற்றோணிப் பத்திரத்தை வைத்துத்தான் இங்கே நான் அவருக்காகக் கையெழுத்திட்டேன்.

தன் மகள் கல்யாணத்துக்கு லொறியை விற்கச் சொல்லி எழுதினார். குடும்பப் பணம்தான், ஆனால் நான் அலைந்து வாங்கிய லொறி. ஆத்திரத்தில் அவரைத் திட்டிக்கொண்டே இழுத்தடித்தேன். அதற்குள் அண்ணன் இறந்த தந்தி வந்தது.

லொறியை வாங்க இருந்த சம்மாந்துறை மில்காரர் சட்டம் கேட்க என்னை வக்கீலான பிறக்கிராசியாரிடம் கூட்டிப்போனார்.

"இவர்ட காக்கா மவுத்தாகிட்டாரு. அற்றோணி செல்லுமா?" என்று அண்ணன் இறந்ததையும் கல்யாண விஷயத்தையும் சொல்லிக் கேட்டார்.

"செல்லாது. தந்தவரோட முடிஞ்சிட்டு."

வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷம். "அப்ப விற்பனை இல்லை" என்று எழுந்தேன்.

"இருங்க செட்டியார். குடும்பத்தில இப்ப மூத்த ஆம்பிளை ஆரு?" என்றார் பிறக்கிராசியார்.

"நான்தான்."

"அப்ப நீங்கதான் கர்த்தா. அற்றோணியே தேவையில்லை, குடும்பத் தேவைக்கு நீங்களே விக்கலாம். அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் செஞ்சு வைக்கிற பொறுப்பும் இனி உங்கடதான்."

மில்காரர் சிரித்தார். "வசமா மாட்டினீங்க, செட்டியார்!"

கல்யாணத்துக்கு விற்க வேறொன்றும் இல்லை. கையெழுத்திட்டேன். ஊரிலிருந்த தம்பியை ஒரு வார்த்தை கேட்கவில்லை, லொறி விற்றாயிற்று என்று கடிதம் மட்டும் போட்டேன். பதிலில் அவன் என்னைத் திட்டியிருந்தான். அண்ணனை நான் திட்டிய அதே வார்த்தைகள்.