கண்ணாடிக்கூட்டில் இருந்த கேசட்

செய்தி வந்தபோது காலை மணி பதினொன்று பத்து. கேசட்காரர் பழைய கம்ப்யூட்டர் பிளாப்பி ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்திருந்தார். இரண்டு ஓட்டை இருந்தால் பிற்காலத்தது, ஒரே ஓட்டை என்றால் அதில் பாதிதான் கொள்ளும். ஓட்டையை எண்ணி முடிப்பதற்குள் போன் அடித்தது. பெரியம்மாவின் மகன், அவருக்கு அண்ணன் முறை.

"அம்மா போயிட்டாங்கடா. தூக்கத்துலயே."

பிளாப்பியை எந்தத் தட்டில் வைத்தார் என்பது அன்று மாலை வரை யாருக்கும் தெரியவில்லை.

அவருக்கு வயது ஐம்பத்து நான்கு. பழைய கேசட்டுகளில் இருப்பதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுக்கும் கடையில் பதினாறு வருடமாக முன்மேசை அவருடையது. ஜனங்கள் பரணிலிருந்து இறக்கிய அட்டைப்பெட்டியைப் போட்டோ எடுத்து அனுப்புவார்கள். இது என்ன, இதில் ஏதாவது தேறுமா என்று கேட்பார்கள். அவர் போனை ஒரு கை தூரத்தில் நீட்டிப் பிடித்து, கண்ணை இடுக்கி, ஒரு நிமிடத்தில் பதில் சொல்லிவிடுவார். சி.டி.யின் அடிப்பக்கம் பச்சையடித்தால் வீட்டில் யாரோ எழுதியது, வெறும் வெள்ளி என்றால் கடையில் வாங்கியது. வீடியோ டேப்பின் ஓரத்தில் வெள்ளையாகப் படிந்திருந்தால் பூஞ்சை. மெஷினில் போடாமல் அப்படியே கொண்டுவரச் சொல்வார். சொன்னது தப்பியதில்லை. அதனால் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

பின்மேசையில் உட்கார்ந்து டேப்பை ஓட்டுகிற பெண் அவரைவிட இருபது வயது சின்னவள். அவளுக்கு ஒரே ஒரு புகார்.

"அண்ணே, பக்கத்துல ஒரு ஸ்கேல் வச்சுப் போட்டோ எடுக்கச் சொல்லுங்கண்ணே. அளவு தெரியாம எப்படி அடிச்சுச் சொல்றீங்க?"

"ஸ்கேல் என் கண்ணுல இருக்கு."

"கண்ணாடியைக் கழட்டிட்டுச் சொல்லுங்க பாப்போம்."

இந்தப் பேச்சு வாரத்துக்கு ஒரு தடவையாவது நடக்கும். அவர் சிரித்துவிட்டு, பார்த்ததை நீல நிற நோட்டில் எழுதுவார். தேதி, அனுப்பியவர், படத்தில் இருப்பது, ஆகுமா ஆகாதா. நான்கு கட்டம்.

ஏழு மாதத்துக்கு முன் அப்படி ஒரு படம் பெரியம்மாவிடமிருந்து வந்தது. வெள்ளைப் படுக்கை விரிப்பின் நடுவில் ஒற்றைக் கேசட். சுற்றிலும் வேறெதுவும் இல்லை. கம்பெனி எழுத்தின் மேல் காகிதம் ஒட்டி, 'பாப்பா' என்று எழுதியிருந்தது. பாப்பா பெரியம்மாவின் மகள். இருபத்தொரு வயதில் காய்ச்சலில் போனவள். போட்டோ நிறைய உண்டு. அவள் நடப்பதும் பேசுவதும் இந்த ஒரு டேப்பில்தான் என்று பெரியம்மா போனில் சொன்னாள்.

"அவ குரல் மறந்துபோச்சு கண்ணு. முகம் இருக்கு, குரல் வரமாட்டேங்குது. ஒரு தடவை கேட்டாப் போதும்."

கேசட்காரர் படத்தைப் பார்த்தார். பார்த்தார் என்று சொல்வதும் தப்பு. பெரியப்பா தோளில் சுமந்து திரிந்த பழைய கேமரா ஞாபகத்துக்கு வந்தது. அது எட்டு மில்லிமீட்டர் அகல நாடா உள்ள டேப் போடுகிற கேமரா. ஆகவே இதுவும் அந்த டேப்தான் என்று முடிவு கட்டிவிட்டார். அதற்கான மெஷின் கடையில் பழுதாகிக் கிடந்தது. பாகம் கிடைக்கவில்லை. அன்று மேசையில் வேலையும் கழுத்து வரை இருந்தது.

"அது ஆகாது பெரியம்மா. அந்த மெஷின் இப்ப எங்கயும் இல்ல."

"சரி கண்ணு. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

போனை வைத்ததும் நோட்டில் எழுதினார். எட்டு மில்லிமீட்டர். ஆகாது.

எல்லாம் முடிந்த ஐந்தாம் நாள் பெரியம்மாவின் அறையை ஒழுங்கு செய்ய அண்ணன் கூப்பிட்டான். ஒருவர் அலமாரி, ஒருவர் மேசை. மேசை இழுப்பறையிலிருந்து அண்ணன் ஒரு கண்ணாடிக்கூட்டை எடுத்தான்.

"கண்ணாடி புதுசுடா, யாருக்காவது குடுக்கலாம்" என்று கூட்டைத் திறந்தான். உள்ளே கண்ணாடி இல்லை. 'பாப்பா' இருந்தது.

கேசட்காரர் அதைக் கையில் வாங்கவே இல்லை. வாங்க வேண்டிய தேவையும் இல்லை. எட்டு மில்லிமீட்டர் டேப் இதைவிட அகலம், இந்த ஒடுக்கமான கூட்டுக்குள் நுழையாது. இது அதைவிடச் சின்னதான டிஜிட்டல் கேசட். அதை ஓட்டுகிற மெஷின் பின்மேசையில் வாரம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது. ஏழு மாதமும் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்தவர் வீட்டில் ஏதோ திருடிவிட்டுக் கையும் களவுமாக நிற்பவரைப் போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீ ஆகாதுன்னு சொன்னதுதானே இது?" என்றான் அண்ணன். "வேற கடையில கேக்கலாம்மான்னு நான் சொன்னேன். நம்ம பையனுக்குத் தெரியாததா மத்தவனுக்குத் தெரியப்போகுதுன்னு என்னைத் திட்டினாங்க."

"குடு. மறுபடி ஒரு தடவை பாக்கறேன்."

கடையில் மெஷின் முன்னால் அவரே உட்கார்ந்தார். வருடக்கணக்கில் சும்மா கிடந்த டேப் என்பதால் முதலில் கடைசிவரை ஓட்டித் திருப்பிச் சுற்றினார். பிறகு கேபிளைச் செருகி, பதிவை ஆரம்பித்தார். இந்த டேப்பை அவசரப்படுத்த முடியாது. ஒரு மணி நேரப் படம் என்றால் மாற்றவும் ஒரு மணி நேரம். நாலைந்து இடத்தில் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. மற்றபடி சுத்தம். ஒரு பெண் நாற்காலியில் சம்மணமிட்டுக்கொண்டு கேமராவைப் பார்த்தாள்.

"அம்மா, நீ இந்தப் பக்கம் வாயேன். எப்பப் பாத்தாலும் நீ படத்துலயே இல்ல."

கேமராவுக்குப் பின்னாலிருந்து பெரியம்மாவின் சிரிப்பு கேட்டது. பெரியப்பாவின் கேமராவில் இந்த டேப் போகாது, இரவல் கேமரா போலிருக்கிறது. பிடித்திருந்தவள் அவள்தான்.

பின்மேசைப் பெண் டம்ளரை வைத்துவிட்டு நின்றாள். "யாருண்ணே?"

"எங்க பாப்பா."

அவள் மெஷினைப் பார்த்தாள். பிறகு அலமாரியில் இருந்த நீல நோட்டைப் பார்த்தாள். பெரியம்மா அனுப்பிய படத்தை அன்று அவளும் எட்டிப் பார்த்திருந்தாள். ஸ்கேல் என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பென் டிரைவைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அண்ணன் வீட்டில் சொந்தக்காரர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். டி.வி.யில் போட்டான். எல்லோரும் அழுதார்கள். அழுது முடித்ததும் அண்ணன் கேட்டான்.

"மெஷின் எங்கயும் இல்லன்னியே, எப்படிடா?"

உண்மை நாக்கு நுனிவரை வந்தது. படத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்பது ஒரே வரி. அந்த ஒரு வரியைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"ஒரு எடத்துல கெடைச்சுது. அலைஞ்சேன்."

"பாத்தீங்களா" என்றான் அண்ணன் மற்றவர்களிடம். "அம்மாவுக்காக அலைஞ்சு திரிஞ்சு கண்டுபிடிச்சிருக்கான். அம்மா இருந்திருந்தா எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாங்க." அண்ணி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அதை வாங்கிக் குடித்தார். அதை நினைத்தால்தான் இன்னும் உடம்பு கூசுகிறது.

இப்போது படம் அனுப்புகிற எல்லோரிடமும் பக்கத்தில் ஸ்கேல் வைத்து, பின்பக்கத்தையும் சேர்த்து எடுக்கச் சொல்கிறார். பின்மேசைப் பெண் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரே ஒரு நாள் மட்டும், நீல நோட்டில் பெரியம்மாவின் பெயர் இருந்த பக்கத்தைத் திறந்து, பேனாவையும் எடுத்து அவர் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். தப்பாக எழுதியதை அடித்துவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போடுவது கடை வழக்கம்.

பெரியம்மா பெயருக்கு நேரே மூன்றாம் கட்டத்தில் எட்டு மில்லிமீட்டர் என்றும், நான்காம் கட்டத்தில் ஆகாது என்றும் இருக்கிறது. இன்னும் அடிக்கப்படவில்லை.