ஒருத்தருக்கு மட்டும் வணக்கம்

ரேடியோ நிலையத்தில் அவளுக்கு ‘ஸ்டாண்டு அக்கா’ என்று பெயர் விழுந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை. அதற்கு முன்பு பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவள் அவள். கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறை, ஒரு மைக், எதிரே எப்போதும் அவசரத்தில் இருக்கும் ஜனங்கள். எந்த வண்டி எங்கே நிற்கிறது, யாருடைய பிள்ளை விசாரணைக் கவுண்டரில் அழுதுகொண்டு நிற்கிறது, யார் குடையை மறந்துவிட்டுப் போனார்கள் என்பதையெல்லாம் இரண்டிரண்டு முறை சொல்வாள். முதல் முறை சொல்வது தலையைத் திருப்ப, அடுத்த முறை சொல்வது காதில் ஏற. அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. “சாப்பாடு ரெடி, சாப்பாடு ரெடி” என்று அவள் கூப்பிட்டால், பார்சல் வண்டி ஓட்டும் புருஷன், எந்த பிளாட்பாரத்தில் என்று கேட்டுக்கொண்டே கை கழுவப் போவார்.

அவள் குரலைப் போனில் பதிந்து ரேடியோக்காரர்களுக்கு அனுப்பியது மகள். கல்லூரியில் படிக்கிற பெண், அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குரல் பிடித்துப்போய்க் கூப்பிட்டார்கள். காலை பதினொரு மணி நிகழ்ச்சியை நடத்திய பெண் வேறு ஊருக்குப் போய்விட்டதால் இடம் காலியாக இருந்தது. நிகழ்ச்சி மேனேஜர் அவளைவிட வயதில் சின்னவர், ஆனால் பேச்சில் ஒளிவு மறைவு கிடையாது. ஒரு மாதம் பார்ப்போம், நேயர்கள் ஒட்டினால் இடம் உங்களுக்கு, இல்லையென்றால் அந்த நேரத்துக்குக் கம்ப்யூட்டரே பாட்டுப் போட்டுக்கொள்ளும், ஆள் தேவையில்லை என்றார். அவள் சரி என்று தலையாட்டினாள். திரும்பிப் போகவும் இடமில்லை. பேருந்து நிலையத்தில் அதற்குள் பதிவு செய்த குரல் ஒன்றை வைத்துவிட்டார்கள். அது சம்பளம் கேட்காது, தலைவலி என்று லீவும் போடாது.

முதல் நாள் சிவப்பு விளக்கு எரிந்ததும், “அனைத்து நேயர்களுக்கும் அன்பான வணக்கம்” என்று ஆரம்பித்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த சவுண்டு இன்ஜினியர் காதிலிருந்த ஹெட்போனைப் பிடுங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். தெருமுனைக்குக் கேட்கிற குரல் அது. போதாததற்கு அதையே இரண்டாம் முறையும் சொன்னாள். பின்னணி இசை முடிந்துபோய், இரண்டாவது வணக்கம் மொட்டையாகத் தனியே நின்றது.

நிகழ்ச்சி முடிந்ததும் மேனேஜர் அதைத் திரும்பப் போட்டுக் காட்டினார். அவளுக்கே கூச்சமாக இருந்தது. மைக்கிலிருந்து ஒரு கை தள்ளி உட்கார்ந்து கத்தியிருக்கிறாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னார். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இருந்தால் போதும், பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற குரல் போதும் என்றார். அப்புறம் முக்கியமானதைச் சொன்னார்.

“கேக்கறவங்க யாரும் கூட்டமா உக்காந்து கேக்கலக்கா. ஒருத்தர் அடுப்படில இருப்பாங்க, ஒருத்தர் வண்டி ஓட்டிட்டு இருப்பாரு. ஒவ்வொருத்தரும் தனித்தனி. அனைவருக்கும்னு சொன்னா, அது யாரோ எவரோன்னு போயிடுவாங்க. தெரிஞ்சவங்க ஒருத்தர மனசுல வெச்சுக்குங்க. அவங்ககிட்ட மட்டும் பேசுங்க.”

தெரிந்தவர் என்றதும் முதலில் புருஷன்தான் நினைவுக்கு வந்தார். மறுநாள் அவரை எதிரே உட்கார வைத்ததாகப் பாவித்துக்கொண்டு வணக்கம் சொன்னாள். வார்த்தையெல்லாம் சரிதான். ஆனால் போன் பண்ணினால் எடுக்காத ஆளிடம் பேசுகிற தொனி தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. வணக்கமே விசாரணை மாதிரி இருந்தது என்றார் இன்ஜினியர். தன்னை அறியாமல் நேற்று எங்கே இருந்தோம் என்று யோசித்தாராம். அடுத்த வாரம் மகளை நினைத்துக்கொண்டாள். “என்ன, எழுந்தாச்சா, இல்ல இன்னும் போர்வைக்குள்ளதானா?” என்று வாயில் வந்துவிட்டது. இரவு முழுக்க வேலை பார்த்துவிட்டு அப்போதுதான் படுத்த ஒரு நர்ஸ், நிலையத்தின் வாட்ஸப்புக்குக் குரல் பதிவு அனுப்பினாள். எங்கள் வீட்டு மாமியார்கூட இப்படிக் கேட்டதில்லை என்று அதில் இருந்தது. மேனேஜர் சிரித்தார். ஆனால் சிரித்து முடித்தபின், பாதி மாதம் போய்விட்டதே என்பதுபோல் சுவர்க் காலண்டரைப் பார்த்தார்.

அப்போதுதான் அவளுக்கு அண்ணி ஞாபகம் வந்தது.

அண்ணன் பெண்டாட்டி, குளியலறையில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்தாள். கை ஒரு வேலையில் இருக்க, கண்ணும் காதும் பேசுகிறவரிடம் இருக்கும் மனுஷி. பத்து வார்த்தை பேசினால் ஒன்பதுக்கு எதிர்வாதம் வைப்பாள், ஆனால் ஒன்றையும் காதில் வாங்காமல் விடமாட்டாள். அவளிடம் பேசினால் பேச்சு தானாக ஓடும்.

மறுநாள் பதினொரு மணிக்கு, “கால நீட்டிட்டு உக்காந்தாச்சா? முட்டிக்கு அடில தலையணைய வெச்சுக்குங்க. கட்டுக்குள்ள அரிக்குதுன்னு நோண்டாதீங்க. நான் வந்துட்டேன்” என்று ஆரம்பித்தாள். குரல் இறங்கி, இதமாக, அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்த்துப் பேசுவதுபோல் இருந்தது. இன்ஜினியர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அவளுக்குப் பறப்பது மாதிரி இருந்தது. மறுநாளும் அதற்கு மறுநாளும் அப்படியே செய்தாள். டாக்டர் என்ன சொன்னார், மாத்திரை சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, குளியலறையில் இனி ரப்பர் விரிப்புப் போடவேண்டும் என்று வணக்கம் நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போனது.

வியாழக்கிழமை மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, வந்திருந்த குரல் பதிவுகளைப் போட்டார். ஒரு லாரி டிரைவர், கிளட்சை மிதித்துக்கொண்டிருக்கிறவன் காலை எங்கே நீட்டுவது என்று நியாயம் கேட்டிருந்தார். ஒரு பெண், யாருக்குத்தான் அடிபட்டது, சொல்லித் தொலையுங்கள் என்றாள். இன்னொருவர், இரண்டு பேர் பேசிக்கொள்வதைக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒட்டுக்கேட்பதுபோல் இருக்கிறது, அதனால் வேறு ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன் என்று பணிவாகச் சொல்லியிருந்தார்.

“குரல் பிரமாதம்க்கா. ஆனா அந்த ஒருத்தரத் தவிர மத்தவங்க எல்லாரும் வெளிய நிக்கறாங்க” என்றார் மேனேஜர். மாதம் முடியக் காத்திராமல், நாளை நிகழ்ச்சியைக் கேட்டுவிட்டு முடிவு சொல்வதாகவும் சொன்னார். அவர் குரலில் இருந்த பரிவுதான் அவளைப் பயமுறுத்தியது.

வெளியே வந்தால் அண்ணியின் போன். அதில் பரிவு எதுவும் இல்லை.

“எங்கம்மாவுக்கு நான் விழுந்ததே தெரியாது. வயசான காலத்துல எதுக்குன்னு சொல்லாம வெச்சிருந்தேன். நீ ரேடியோல சொல்ல, எதிர் வீட்டுக்காரி கேட்டு, நேரா போன் போட்டு அவங்ககிட்ட துக்கம் விசாரிச்சிருக்கா. ரப்பர் விரிப்பு வரைக்கும் ஊருக்கே தெரிஞ்சிருக்கு. இனிமே உன் நிகழ்ச்சி இந்த வீட்ல ஓடாது.”

வேலையும் போய், அண்ணியும் போய்விட்டால் யாரிடம் போய்ப் புலம்புவது? சாயங்காலம் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணி கட்டுக்காலை ஸ்டூலில் போட்டுக்கொண்டு மடியில் முறத்தை வைத்துப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், மறுபடி குனிந்துகொண்டாள்.

இவள் வாசலிலேயே நின்றாள். காலைப் பற்றிக் கேட்க வாய் வரவில்லை, அதுதான் வினையே. மன்னிப்புக் கேட்டால் அண்ணி அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பாள்.

“வெளிய வெயில் இன்னும் இறங்கல அண்ணி. கொஞ்ச நேரம் இங்க உக்காரட்டுமா? நீங்க உரிச்சிட்டே இருங்க.”

“உக்காரு. யாரு வேணாம்னா” என்றாள் அண்ணி, முகத்தைத் திருப்பியபடியே. முறத்தை மட்டும் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்தினாள்.

உட்கார்ந்து பட்டாணி உரிக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. இவ்வளவு கோபத்தில் இருக்கிறவள் பதில் சொல்லிவிட்டாள். அண்ணியைப் பற்றித் தான் ஒன்றுமே சொல்லவில்லையே. தன் நிலைமையை ஒரு வரியில் சொல்லி, உட்கார இடம் கேட்டாள், அவ்வளவுதான். இத்தனை நாளும் ரேடியோவில் மைக்குக்கு அந்தப் பக்கம் இருப்பவர் என்ன செய்கிறார் என்று இவளே சொல்லிக்கொண்டிருந்தாள். காலை நீட்டாதவர்களெல்லாம், இது நமக்கில்லை என்று எழுந்து போய்விட்டார்கள். இதை அண்ணியிடம் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்து, வேண்டாம் என்று விட்டுவிட்டாள். இனி அந்த வீட்டில் நடப்பது எதுவும் ரேடியோவில் வராது என்று மட்டும் வாக்குக் கொடுத்தாள். பார்க்கலாம் என்றாள் அண்ணி.

வெள்ளிக்கிழமை காலை வெயிலில் நடந்து வந்து ஸ்டுடியோவில் உட்கார்ந்தாள். மேனேஜர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இன்ஜினியருக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முகப்பிசை வந்து தணிந்தது. விளக்கு எரிந்தது.

“வணக்கம். நான்தான். வெளிய வெயில்ல நடந்து வந்தேன், இன்னும் மூச்சு வாங்குது. உங்க பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காரட்டுமா?” ஒருவர் பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நிறுத்தினாள். “நீங்க செய்யறத செஞ்சிட்டே இருங்க. நான் ஒரு பாட்டு போடறேன்.”

இன்ஜினியர் பாட்டின் முன்னிசையை அவள் கடைசி வார்த்தைக்கு அடியிலிருந்தே மெல்ல ஏற்றினார். பாடகர் வாய் திறப்பதற்குள் அவள் பேச்சு சுத்தமாக முடிந்திருந்தது. மேனேஜர் கட்டிய கையை அவிழ்க்கவில்லை.

அந்தப் பாட்டு முடிவதற்குள் வாட்ஸப்பில் குரல் பதிவுகள் வரத் தொடங்கின. இன்ஜினியர் ஒவ்வொன்றாக அவள் ஹெட்போனுக்கு அனுப்பினார். சாவி செய்கிற கடைக்காரர் ஒருவர், பின்னால் அரம் கீச்சிட, “உக்காருங்கம்மா, ஸ்டூல் மட்டும் கொஞ்சம் ஆடும்” என்றார். ஒரு பெண், சோபாவில் குவிந்திருந்த துணியை ஒதுக்கிவிட்டதாகவும், மடிக்கக் கூடமாட உதவினால் இன்னும் நல்லது என்றும் சொன்னாள். நியாயம் கேட்ட லாரி டிரைவரேதான், வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் பேசினார். முன் சீட்டு காலி, ஆனால் ஏசி இல்லை என்றார். அந்த நர்ஸ்கூட, தூங்கப்போகிறேன், சத்தம் போடாமல் உட்கார்ந்துகொள் என்று ஒருமையில் சொல்லியிருந்தாள்.

மேனேஜர் எல்லாவற்றையும் கேட்டார். நிகழ்ச்சி முடிந்ததும் உள்ளே வந்து, திங்கட்கிழமை ஆபீசுக்கு வந்து வேலைக்கான கையெழுத்தைப் போட்டுவிடுங்கள் என்று ஏதோ தண்ணீர் கேட்பதுபோல் சொல்லிவிட்டுப் போனார். அவள் சரி என்றாள். அடுத்த நிகழ்ச்சிக்காரர் வந்து இடம் கேட்டபின்தான் எழுந்தாள்.

வெளியே வந்து போனை எடுத்தபோது அண்ணி கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“என்கிட்ட கேட்டத அப்படியே ஊருக்கே கேட்டுட்ட.”

“கேக்க மாட்டேன்னீங்களே அண்ணி.”

“எதிர் வீட்ல சத்தமா வெச்சிருந்தாங்க. காத அறுத்தா போட முடியும்?” அண்ணி குரலைத் தாழ்த்தினாள். “உக்காருன்னு சொல்லித் தொலைச்சுட்டேன். பிசியோதெரபி பொண்ணு யார்கிட்ட பேசறீங்கன்னு கேக்குது.”

இவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அண்ணி அதைக் கண்டுகொள்ளாமல், இன்றைக்கு எத்தனை பேர் உட்காரச் சொன்னார்கள் என்று விசாரித்தாள். சாவிக்கடை, துணிக்காரி, லாரி, நர்ஸ் என்று இவள் வரிசையாகச் சொன்னாள். “ஓஹோ, அத்தனை வீடா” என்றாள் அண்ணி. அதில் பொறாமை இல்லை என்று அடித்துச் சொல்லிவிட முடியாது.

“சரி, எல்லார் வீட்லயும் உக்காந்து முடிச்சுட்டு இங்க வா. கட்டுக்குள்ள அரிப்பு தாங்கல, சொறியற ஸ்கேல் கட்டிலுக்கு அடில விழுந்துடுச்சு. உங்கண்ணன் சாயங்காலம்தான் வருவாரு.”

“நோண்டக் கூடாதுன்னு சொன்னேனே அண்ணி.”

“ரேடியோல சொன்னத எல்லாம் யாரு கேக்கறா” என்று அண்ணி போனை வைத்தாள். இவள் பஸ்ஸுக்கு நிற்காமல் ஆட்டோ பிடித்தாள்.