தோபாயோவில் சுருண்டு படுத்த பூனை

சிங்கப்பூரின் தேக்காவில் எங்கள் மளிகைக் கடைக்கு மேலேயே குடியிருந்தோம். கடையில் எலி பிடிக்க ஒரு சாம்பல் பூனை. எலி பிடித்ததோ இல்லையோ, பட்டப்பகலில் அரிசி மூட்டைமேல் மல்லாந்து, வயிற்றைக் காட்டிக்கொண்டு தூங்கும். பக்கத்தில் மூட்டையைத் தொப்பென்று போட்டாலும் ஒரு காது மட்டும் ஆடும். வெட்கம் கெட்ட ஜென்மம்! அதன்மேல் எனக்கு உயிர்.

அறுபதுகளின் கடைசியில் தோபாயோவில் அடுக்குமாடி வீடு கிடைத்தது. பூனையும் வரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். வழி தெரிந்தால் திரும்பி ஓடிவிடுமாம். அதனால் வழக்கப்படி அதைச் சாக்கில் போட்டுக் கட்டி, கடை வாசலில் இரண்டு சுற்றுச் சுற்றி, டாக்சியில் ஏற்றினார் என் கணவர். வழிநெடுகச் சாக்கின்மேல் கையை வைத்துக்கொண்டே போனேன்.

சாக்கை அவிழ்த்ததும் கட்டிலுக்கு அடியில் ஓடியது. பசிக்கு வெளியே வந்தது. தூங்கத்தான் இல்லை. சுவரோரம் முன்னங்கால்களை மார்புக்கடியில் மடக்கி, கண்ணை மூடியும் மூடாமலும் உட்கார்ந்திருக்கும். லிஃப்ட் சத்தம் கேட்டால் காது அந்தப் பக்கம் திரும்பும். கணவர் கடைக்குப் போனபின் அந்த வீட்டில் அதுவும் நானும்தான். நான் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருப்பேன்.

சில நாளில் அது சுருண்டு படுத்தது. கணவருக்கு ஒரே சந்தோஷம்.

“பாத்தியா, பழகிடுச்சு லா.”

“எங்கங்க பழகுச்சு? குளிருக்குச் சுருண்டா சரி. இந்த வெக்கையில எதுக்கு வயித்த மறைச்சுக்கிட்டுக் கெடக்குது? பயந்து போயிருக்குங்க.”

நெத்திலியை வைத்தாலும் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. “கடையிலயே விட்டுடலாம்” என்றார். அதுவும் போய்விட்டால் எனக்கு யார் துணை? கத்தினேன், அழுதேன். பிறகு நானே கூடையை எடுத்துவந்தேன். சாக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கடையில் கூடையைத் திறந்ததும் மூட்டை மூட்டையாக முகர்ந்தது. ஒன்றின்மேல் ஏறி, சாக்கை முன்கால்களால் மாற்றி மாற்றி அமுக்கியது. மதியத்துக்குள் மல்லாந்துவிட்டது. கணவர் வயிற்றைத் தடவக் கையை நீட்டினார்.

“தொடாதீங்க! நம்பிப் படுத்திருக்கு. தடவச் சொல்லிக் காட்டல, பிராண்டிடும்.”

கையை இழுத்துக்கொண்டார். “அந்த வீட்டுல ஒரு நாள்கூட இது நிம்மதியாத் தூங்கலங்க” என்றேன்.

“நீயும்தான் அங்க சுவரோரமா முட்டிய மடக்கிக்கிட்டுப் படுக்குறே. லிஃப்ட் சத்தம் கேட்டா எழுந்து உக்கார்றே. நான் பாக்கலன்னு நெனச்சியா?”

“பூனையும் நானும் ஒண்ணா?” என்று சீறினேன்.

அவர் சிரிக்கவில்லை. “நாளையிலேருந்து காலையில என்கூடவே கடைக்கு வந்துடு. சாயங்காலம் சேர்ந்தே போவோம்.”

உளுந்து மூட்டைகளுக்கு நடுவே பாயை விரித்துக் காலை நீட்டினேன். தெருவில் ஒரே இரைச்சல். எப்போது தூங்கினேனோ, தெரியாது. கடை சாத்தும் நேரத்துக்கு அவர்தான் எழுப்பினார்.