பாதி விலை ஐஸ்

ஐஸ் உடைக்கும் மெஷின் ஓடத் தொடங்கினால் போதும், அந்த இரைச்சலுக்கு அடியில் தம்பியின் குரல் கேட்கும். "இன்னும் பத்து போடுக்கா." அவள் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள் என்று தெரியும். பார்க்காவிட்டால் ஒருவேளை இருக்கலாம்.

துறைமுகத்தில் எல்லோரும் அவளை ஐஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கணவன் விட்டுப்போன ஐஸ் தொழிற்சாலையைப் பதினாறு வருஷமாக அவள்தான் நடத்துகிறாள். உப்புத்தண்ணித் தொட்டிக்குள் வரிசை வரிசையாகத் தகர அச்சுகள். ஒவ்வொன்றிலும் ஆள் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு பார் ஐஸ். தொட்டியின் குளிரை விட்டுவிட்டால் திரும்பப் பிடிக்க ரெண்டு நாள் ஆகும். அதனால் விற்றாலும் விற்காவிட்டாலும் மெஷின் நிற்காது.

போன வருஷம் டீசல் விலை ஒரே மாதத்தில் மூன்று தடவை ஏறியது. ஐஸ் விலையில் அவள் கை வைக்கவே இல்லை. ஆனாலும் விற்பனை பாதியாகச் சரிந்தது. விற்காத பார்கள் கிடங்கிலேயே உருகி, வாய்க்கால் வழியாகக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தன. அவள் முதலில் சந்தேகப்பட்டது ஆற்றுக்கு அந்தப் பக்கம், எதிர்க்கரை ஐஸ்காரரைத்தான். இந்தக் கரையில் வாங்காவிட்டால் அந்தக் கரையில் வாங்குவார்கள். ரெண்டும் ஒரே தண்ணீர், ஒரே குளிர். விலையை ஏதோ கமுக்கமாகக் குறைத்துவிட்டார் என்று நினைத்து, நேராகப் போய் நாலு வார்த்தை கேட்டுவிடக் கிளம்பினாள்.

அவருடைய வாய்க்காலிலும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"வா தங்கச்சி. சண்டைக்கா வந்தே?" என்றார் அவர். "உன் ஆளுங்க என்கிட்டயும் வரல. என் ஆளுங்களே வரல. படகு கடலுக்குப் போனாத்தானே ஐஸ் வேணும்? டீசல் போட வக்கில்லாதவன் ஐஸை வாங்கித் தலையிலயா வச்சுக்குவான்?"

திரும்பும் வழியில் முட்டைக்காரம்மாவின் கடையில் கூட்டம். மீன் வரத்துக் குறைந்து விலை ஏறியதும், மீன் வாங்கும் வீடுகளெல்லாம் முட்டைக்கு மாறியிருந்தன.

"உங்க பக்கம் மீன் ஏற ஏற என் பக்கம் தட்டு காலியாகுது" என்றாள் முட்டைக்காரம்மா, தாங்கமுடியாத சந்தோஷத்தை மறைக்கப் பார்த்தபடி. "கோழிதான் பாவம், கொஞ்சம் மூச்சு விடுன்னு கெஞ்சுது."

டீசல் ஏறியதற்கு ஒருத்தி சிரிக்கிறாள், ஒருத்தி உருகுகிறாள். ஐஸ் அக்காவுக்கு அன்றைக்குத்தான் தன் தொழில் யாரோடு கட்டிக் கிடக்கிறது என்று உறைத்தது.

மறுநாள் விடியற்காலையில் தம்பி வந்தான். நாலு ஆட்களை வைத்துச் சொந்தப் படகு ஓட்டுபவன். கிடங்கு வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

"அக்கா, டீசல் விலையை உன்னாலயும் குறைக்க முடியாது, என்னாலயும் முடியாது. ஐஸ் விலை உன் கையில இருக்கு. ரெண்டையும் சேர்த்துத்தான் நாங்க கணக்குப் பாக்குறோம். நீ பாதியாக்கு, நான் போறேன். நான் போனா நாலு பேர் போவான்."

"பாதியா? என் கழுத்துல இருக்கிறதையும் கேளேன்."

"அது உன் கழுத்துலயே இருக்கட்டும்க்கா. உருகி ஓடுற ஐஸுக்கு என்ன விலை, அதச் சொல்லு."

அவள் பாதியாக்கினாள். எதிர்க்கரைக்காரரும் வேறு வழியில்லாமல் பாதியாக்கினார். எல்லாப் படகும் கிளம்பிவிடவில்லை. ஆனால் கரையில் கிடந்தவற்றில் பத்துப் பன்னிரண்டு அசைந்தன. டீசல் பங்க்காரர் வழியில் அவளைப் பார்த்து, "என்னம்மா, நீ ஐஸைக் குறைச்சே, என் டீசல் விக்குது. உனக்கு ஒரு மாலை போடணும்" என்றார். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது வாய் கசக்கிறது.

ஏனென்றால் மலிவான ஐஸ் தம்பிக்கு வேறொரு யோசனையும் கொடுத்தது. வழக்கமாக ரெண்டு நாள் போய் வருவான். அதற்கு நாற்பது பார் போதும், அந்த ஐஸில் ரெண்டு நாளுக்குமேல் மீன் தாங்காது. ஐஸ் பாதி விலை என்றால் எண்பது பார் ஏற்றலாம். எண்பது பார் இருந்தால் நாலு நாள் கடலிலேயே கிடக்கலாம். ரெண்டு தடவை போய் வருவதற்குப் பதில் ஒரு தடவை. ஒரு தடவை போய்வரும் டீசல் மிச்சம்.

"இன்னும் பத்து போடுக்கா" என்று கேட்டுக் கேட்டுத்தான் எண்பது ஆக்கினான். டீசல் எவ்வளவு போட்டிருக்கிறாய் என்று அவள் கேட்கவில்லை. ஐஸ்காரி எதற்கு டீசலைக் கேட்கப் போகிறாள்?

மூன்றாம் நாள் காற்று திரும்பியது. மற்ற படகுகள் முந்தின நாளே கரைக்கு வந்திருந்தன. காற்றை எதிர்த்து வர அவன் தொட்டியில் எண்ணெய் பத்தவில்லை என்றார்கள். ஐந்து நாள் தேடினார்கள். ஐஸ் பெட்டியின் மூடி மட்டும் கிடைத்தது. தம்பி மனைவி அதை வாங்கிக்கொள்ளவில்லை. ஐஸ் அக்காவிடமே விட்டுவிட்டுப் போனாள். ஏதாவது திட்டிவிட்டாவது போயிருக்கலாம்.

பழைய விலைக்கே விற்றிருந்தால், ஒன்று அவன் போயே இருக்க மாட்டான். இல்லை, நாற்பது பாரோடு போய் ரெண்டாம் நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருப்பான். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

இந்த வருஷம் டீசல் மறுபடி ஏறியது. ஐஸ் விலை மறுபடி இறங்கியது. போன வாரம் ஒரு விடியற்காலையில், சுருட்டை என்று எல்லோரும் கூப்பிடுகிறவன் வந்தான். தம்பியின் வயதுதான்; புதிதாகப் படகு வாங்கியவன்.

"எண்பது பார் குடுக்கா."

"பங்க் சீட்டைக் காட்டு."

"எது?"

"டீசல் போட்ட சீட்டு."

அவன் சட்டைப்பையில் இருந்து எடுத்து நீட்டினான். ஒரு தடவை போய்வரத்தான் சரியாக இருந்தது. ஒரு சொட்டு உபரி இல்லை.

"நாற்பது தரேன். அதுக்கு மேல கிடையாது."

"என்னக்கா இது, ரேஷன் கடையா?" என்று சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்து, "சரி விடு, எதிர்க்கரையில வாங்கிக்கிறேன்" என்று போய்விட்டான்.

கொஞ்ச நேரத்தில் அந்தக் கரையில் மெஷின் அரைக்கும் சத்தம் கேட்டது. அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஒன்றும் ஆகவில்லை, அவள் மறுத்ததால் ஐஸ் நூறு கஜம் தள்ளிப்போயிருந்தது, அவ்வளவுதான். அவள் கதவை அடைத்தால் அடுத்த கதவு திறந்திருக்கிறது. டீசலுக்குத்தான் அடுத்த கதவு இல்லை.

கைவண்டியைத் தள்ளிக்கொண்டு பங்க்குக்குப் போனாள். ரெண்டு பெரிய கேன் நிறைய டீசல் பிடித்து, பாலத்தைத் தாண்டி எதிர்க்கரைத் துறைக்கு உருட்டிக்கொண்டு வந்தாள்.

"என் வாடிக்கையை இழுக்க வந்துட்டியா தங்கச்சி?" என்றார் எதிர்க்கரைக்காரர்.

"ஐஸ் உங்களுதே போகட்டும்ணே." அவள் சுருட்டையைப் பார்த்தாள். "இத ஏத்து."

"என்கிட்ட இதுக்குக் காசு இல்லக்கா."

"காசு யார் கேட்டா? திறக்காமத் திருப்பிக் கொண்டுவா. அது போதும்."

அவன் என்னவோ சொல்ல வாயெடுத்தான். எதிர்க்கரைக்காரர் மெஷினை நிறுத்தினார். அந்த அமைதியில் சுருட்டைக்கு யாருடைய நினைவு வந்ததோ, கேன்களை வாங்கிப் பின்பக்கம் கயிறு போட்டுக் கட்டினான். அவள் படகில் ஏறி முடிச்சை இழுத்துப் பார்த்தாள். தளர்வாக இருந்தது. அவிழ்த்து, தானே கட்டினாள்.

படகு போனது. முகத்துவாரம் தாண்டி மறைகிற வரை நின்றாள். பிறகும் நின்றாள். இன்னும் நாலு நாள் இருந்தது.