ஆயுள் கூடுமா என்று ஒரு கட்டம்

மருத்துவப் படிப்பின் இறுதியாண்டுத் தேர்வுக்குப் படிக்க விடுமுறை விட்டதும் திருச்சியிலிருந்து அரியலூருக்கு பஸ் ஏறினேன். வீட்டுக்குப் போகாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். அப்பா அங்கேதான் படுத்திருந்தார். ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலையில் ஃபிட்டராக இருந்தவர். மாரடைப்புக்குப் பிறகு அவருடைய இதயம் மிகவும் பலவீனமாகிவிட்டது. கால் வீங்கும், மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும்.

இரண்டு நாள் கழித்து, என்னோடு படிக்கும் தோழி பெரம்பலூரிலிருந்து ஒற்றைத் தாளோடு வந்தாள். இதயச் செயலிழப்பு மருந்துகளைப் பற்றி எங்கள் பேராசிரியர் எடுத்த வகுப்பின் குறிப்பு அது. போன மாதம் ஒருமுறை அப்பாவைப் பார்க்க ஊருக்கு வந்திருந்ததால் அந்த வகுப்பு எனக்குத் தவறிப்போயிருந்தது.

"எழுத்தப் பாத்து சிரிக்காதடி. சார் நிறுத்தாம சொல்லிட்டே போனாரு. நீ கட்டம் போட்டு எழுதிக் குடு, எல்லாருக்கும் ஜெராக்ஸ் எடுத்துருவோம்."

தாள் முழுக்க அம்புக்குறிகள். டிகாக்சின் என்ற மாத்திரைக்கு எதிரே எழுதியிருந்தது .25 ஆ, 25 ஆ என்று தெரியவில்லை. புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் மை பரவியிருந்தது. பாடப்புத்தகத்தைப் பார்த்து 0.25 மில்லிகிராம் என்று முன்னால் பூஜ்யம் வைத்து எழுதினேன். அப்படி எழுதினால்தான் புள்ளி மறைந்தாலும் யாரும் ஏமாற மாட்டார்கள்.

அப்பாவின் கட்டிலோரம் ஸ்டூலில் உட்கார்ந்து ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். மருந்து, எப்படி வேலை செய்கிறது, தொடக்க அளவு, கவனிக்க வேண்டியது, எப்போது கொடுக்கக் கூடாது. "கடைசியா இன்னொண்ணு போடு. ஆயுளக் கூட்டுமா, தொந்தரவ மட்டும் குறைக்குமா? வைவா பரீட்சையில கட்டாயம் கேப்பாங்கன்னு சார் சொன்னாரு" என்றாள் தோழி.

எனலாப்ரில், ஆம். கார்வெடிலால், ஆம்; ஆனால் உடம்பில் தேங்கிய நீர் வடிந்து நோயாளி நிலைப்பட்ட பிறகு, மிகச் சிறிய அளவில் தொடங்க வேண்டும். ஸ்பைரோனோலாக்டோன், ஆம், பொட்டாசியம் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஃப்ரூசமைடு நீரை வடிக்கும், மூச்சுத்திணறலைக் குறைக்கும்; ஆயுளைக் கூட்டுவதாக நிரூபணம் இல்லை. டிகாக்சின் ஆஸ்பத்திரிக்கு வருவதைக் குறைக்கும், ஆயுளைக் கூட்டாது. மேலே மூன்றுக்கும் ஆங்கிலத்தில் 'எஸ்', இந்த இரண்டுக்கும் 'நோ' என்று எழுதினேன்.

தோழி டீ வாங்கப் போயிருந்தாள். அப்பா தலையணையில் சாய்ந்தபடி தாளை எட்டிப் பார்த்தார். ஆலையில் மெஷின்களின் மேல் ஒட்டியிருந்த ஆங்கிலத்தைப் படித்துப் பழகியவர்.

"இதுல என்னோட மாத்திரை எது பாப்பா?"

விரலை வைத்துக் காட்டினேன். ஃப்ரூசமைடு, டிகாக்சின். அவர் விரல் அந்த வரிசையிலேயே நகர்ந்து கடைசிக் கட்டத்தில் நின்றது.

"ரெண்டுக்கும் நோன்னு போட்டிருக்க. மேல இருக்கறதுக்கெல்லாம் எஸ்ஸுன்னு இருக்கு."

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்போ அத எனக்கு ஏன் குடுக்கல?"

"டாக்டர்கிட்ட கேட்டுட்டு வரேங்கப்பா" என்று எழுந்தேன்.

டாக்டர் என் தாளை வாங்கி நிதானமாகப் படித்தார். "சரியா எழுதியிருக்கம்மா" என்றவர், அப்பாவின் கேஸ் ஷீட்டைத் திறந்து காட்டினார். எனலாப்ரிலைத் தொடங்கியதும் ரத்த அழுத்தம் சரிந்திருக்கிறது, சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் கிரியாட்டினின் ஏறியிருக்கிறது. பொட்டாசியமும் கூடுதலாக இருந்ததால் ஸ்பைரோனோலாக்டோனுக்கு வழியில்லை. நீர் இன்னும் வடியாததால் கார்வெடிலால் இப்போது ஆபத்து. எனலாப்ரில் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கொடுக்கும் ஹைட்ரலசின், நைட்ரேட் ஜோடியும் அழுத்தத்தை இன்னும் இறக்கும். எப்போது கொடுக்கக் கூடாது என்று நான் எழுதிய ஒவ்வொரு வரியும் அப்பாவின் ஷீட்டில் இருந்தது.

"ஒம் மேல தப்பில்லம்மா. எங்க மேலயும் இல்ல" என்றார்.

திரும்பி வந்தபோது தோழி அப்பாவுக்கு டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள். அந்த மாத்திரைகளை இப்போது அவர் உடம்பு தாங்காது என்று சொன்னேன். அப்பா டீயை வாங்கி ஒரு வாய் குடித்தார். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார்: "இந்த மாத்திரையாலதான் நேத்து தூங்கினேன். அத நோன்னு எழுதினா பாவமில்ல?"

பேனாவை எடுத்து 'நோ'வுக்குக் கீழே, மூச்சை இலேசாக்கும் என்று ஆங்கிலத்தில் சேர்த்தேன். அவருக்கும் படித்துக் காட்டினேன். தலையாட்டினார்.

அந்த வாரமே அப்பா போய்விட்டார். தோழி பெரம்பலூரில் ஜெராக்ஸ் எடுத்து வகுப்பு முழுக்கக் கொடுத்திருந்தாள். தேர்வு எழுதப் போகமாட்டேன் என்று நான் அடம்பிடித்தபோது அவள்தான் என் துணிகளை மடித்துப் பையில் வைத்தாள். அரியலூரிலிருந்து திருச்சி போகும் பஸ்ஸில் முன் சீட்டில் எங்கள் வகுப்புப் பையன் ஒருவன் அந்த அட்டவணையை முணுமுணுத்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தான். "கொஞ்சம் மனசுக்குள்ள படிடா" என்றாள் தோழி. அவன் திரும்பி என்னைப் பார்த்தான். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டான்.