தவளக்குப்பத்து ட்ரேக்கள்

தட்டாஞ்சாவடியில் ஒரு பிரெட் ஃபேக்டரியின் கேட்டில் உட்கார்ந்து நோட்டு எழுதுவது என் வேலை. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுதத் தெரியும், எண்களில் தப்பு வராது. அதனால் பத்துப் பன்னிரண்டு வருடமாக அந்த நாற்காலி என்னுடையது. யாரிடமும் அதிகம் பேச வேண்டியதில்லை என்பதுதான் அந்த வேலையில் எனக்குப் பிடித்த விஷயம்.

பிரெட்டும் பன்னும் நீல நிற பிளாஸ்டிக் ட்ரேக்களில் வெளியே போகும். காலி ட்ரேக்கள் ஏஜென்ட்டுகளிடமிருந்து திரும்பி வரும். பெரும்பாலும் எங்கள் வண்டியிலேயே வந்துவிடும். தவளக்குப்பம் ஏஜென்ட் மட்டும் ஒருநாள் விட்டு ஒருநாள் தன்னுடைய வண்டியில் கொண்டு வந்து போடுவார். லோடிங் ஆள் ட்ரேக்களை இறக்கி, பத்துப் பத்தாக அடுக்கி, எண்ணிக்கையைச் சத்தமாகச் சொல்லுவான். நான் எழுதிக்கொள்ளுவேன். சாயந்திரம் நோட்டு ஆபீஸுக்குப் போகும். அங்கே மேடம் அதைப் பார்த்து கம்ப்யூட்டரில் ஏற்றுவார். ஆபீஸ் நிர்வாகம் முழுக்க அந்த மேடம் ஒருத்தர்தான். வருகைப் பதிவு, டெலிபோன், ட்ரே கணக்கு எல்லாமே. என்னைவிட இருபது வயது சின்னவர். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார்.

லோடிங் ஆள் கடற்கரையில் இருக்கிற மீனவர் குப்பமான வைத்திக்குப்பத்துக்காரன். கான்ட்ராக்டர் மூலமாக வந்து ஏழு வருடம் ஆகியிருந்தது. வாய் ஓயாது. "இருபத்தாறு எழுதுங்க, இருபத்தேழுன்னு எழுதி என்னப் போலீஸ்ல புடிச்சிக் குடுத்துடாதீங்க" என்பான். நான் சிரிப்பேன். பதில் சொல்ல வராது எனக்கு. அவன் சொல்லும்போது நானும் கண்ணாலேயே அடுக்குகளை எண்ணிவிடுவேன். அது யாருக்கும் தெரியாது, அவனுக்கும்தான். எண்ணுகிறேன் என்று காட்டினால் அவனை நம்பவில்லை என்று ஆகிவிடுமே என்று நான் காட்டிக்கொண்டதில்லை.

மாசம் பிறந்ததும் சென்னையில் இருக்கிற ஹெட் ஆபீஸுக்கு ஒரு ரிப்போர்ட் போக வேண்டும். போன மாசப் பாக்கியோடு இந்த மாசம் வெளியே போன ட்ரேக்களைக் கூட்டி, திரும்பி வந்ததைக் கழித்தால், ஏஜென்ட்டுகள் கையில் இருக்கவேண்டிய ட்ரே எத்தனை என்று வரும். ஏஜென்ட்டுகளும் தங்களிடம் இருப்பதை எண்ணி போனில் சொல்லுவார்கள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஒன்றிரண்டு முன்பின் இருந்தால் உடைந்தது என்று எழுதிவிடுவார்கள். அந்த மாசம் இருநூற்று முப்பத்து நாலு ட்ரே குறைந்தது.

ஃபேக்டரிக்குள் எண்ணிப் பார்க்கலாமே என்று நினைக்கத் தோன்றும். முடியாது. ஒரு பக்கம் கழுவுகிறார்கள், ஒரு பக்கம் நிரப்புகிறார்கள், ஒரு பக்கம் வண்டியில் ஏற்றுகிறார்கள். உடைந்தது கழிந்துகொண்டே இருக்கும், நடுவில் புதுசு வாங்கிப் போடுவார்கள். உள்ளே மொத்தம் எத்தனை என்று யாருக்குமே தெரியாது.

மேடம் கூட்டலை மூன்று தடவை பார்த்தார். மூன்று தடவையும் அதே இருநூற்று முப்பத்து நாலு. மத்தியானத்துக்குள் ரிப்போர்ட் போயாக வேண்டும். மேனேஜர் என்னை உள்ளே கூப்பிட்டார்.

அந்த அறைக்குள் நான் வருடத்துக்கு இரண்டு முறை போயிருந்தால் அதிகம். மேனேஜர் கோபமாகப் பேசவில்லை. திரும்பி வந்த கணக்கு எப்படி எழுதுகிறாய் என்று கேட்டார். லோடிங் ஆள் வந்ததைக் குறைத்துச் சொல்லிவிட்டு மீதியை எடுத்துக்கொண்டு போகிறானோ என்று அவருக்குச் சந்தேகம். வைத்திக்குப்பத்தில் மீன் காயப் போடுவதற்கு இந்த ட்ரே வசதி என்றும், லோடிங் ஆள் ஒருநாள் சைக்கிளில் இரண்டு ட்ரே கட்டிக்கொண்டு போனதைத் தானே பார்த்ததாகவும் சொன்னார். அது விரிசல் விட்ட ட்ரே. சூப்பர்வைசரிடம் கேட்டுத்தான் எடுத்துப் போனான். எனக்கு அது தெரியும். சொல்ல வாய் வருவதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது.

"நீ எண்ணுவியா, அவன் எண்ணுவானா?"

"அவன் சொல்றத எழுதுவேன் சார்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். பொய் இல்லை. ஆனால் அது பாதிதான். நானும் எண்ணுவேன் என்ற மீதியைச் சொல்லவில்லை. மேனேஜர் தலையை ஆட்டினார், போகலாம் என்று கையைக் காட்டினார். நான் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன்.

கான்ட்ராக்டருக்கு போன் போனது. மறுநாள் காலையில் அவனை உள்ளே விட வேண்டாம் என்று கேட்டில் சீட்டு வந்தது. விடாமல் நிறுத்த வேண்டியவன் நான்தான். அவன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். முதலில் நான் விளையாடுகிறேன் என்று நினைத்தான். பிறகு சீட்டை வாங்கிப் பார்த்தான். அவனுக்குப் படிக்க வராது. இருந்தும் ரொம்ப நேரம் பார்த்தான். "எத்தினி ட்ரேன்னு சொன்னாங்க?" என்று கேட்டான். சொன்னேன். "அத்தினியையும் நான் தலையில வெச்சிக்கினா போயிருப்பேன்?" என்று சொல்லி, சிரிக்கப் பார்த்தான். மற்ற லோடிங் ஆட்கள் உள்ளே இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் வெளியே வரவில்லை.

அவன் பெண்ணுக்கு அந்த வருடம்தான் நர்ஸிங் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. ஏழு வருடமாகச் சேர்ந்து வேலை செய்தவர்களுக்கு அது தெரியாமல் இருக்குமா. எல்லோருக்கும் தெரியும்.

நாலாம் நாள் மத்தியானம் மேடம் கேட்டுக்கு வந்தார். அவர் கேட் வரைக்கும் வந்து நான் பார்த்ததில்லை. "அண்ணா, போன மாசத்து நோட்ட எடுத்துக்கிட்டு கொஞ்சம் வர்றீங்களா" என்றார். ரிப்போர்ட் போன பிறகும் அவருக்கு மனசு ஆறவில்லை. மொத்தத்தை மட்டும் பார்க்காமல் ஏஜென்ட் வாரியாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார். மற்ற எல்லோருக்கும் கணக்கு சரியாக இருந்தது. தவளக்குப்பத்துக்கு மட்டும் உதைத்தது.

அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். பக்கத்தில் நின்று நான் நோட்டை வரி வரியாகப் படித்தேன். ஒன்றாம் தேதி சரியாக இருந்தது. இரண்டாம் தேதி, தவளக்குப்பம், முப்பத்தாறு என்றேன். இல்லை என்றார். மறுபடியும் படித்தேன். இல்லை. நாலாம் தேதி தவளக்குப்பம் முப்பத்திரண்டு. அதுவும் இல்லை. ஏற்ற மறந்துவிட்டேனோ என்று அவர் முகம் வெளுத்தது. ஆனால் பதினாறாம் தேதி தவளக்குப்பம் இருந்தது. அதற்குப் பிறகு வந்த தவளக்குப்பத்து வரிகள் எல்லாம் இருந்தன. அதனால்தான் முதலில் மேலோட்டமாகப் பார்த்தபோது அவருக்குச் சந்தேகம் வரவில்லையாம்.

பிறகு அவர் திரையின் ஓரத்தில் விரலை வைத்தார். அங்கே வரிகளுக்கு வரிசையாக எண் இருக்கும். ஐந்து, ஆறு, அடுத்து எட்டு. ஏழு இல்லை. அந்த எண்கள் கறுப்பாக இல்லாமல் நீலமாக இருந்தன. மேலே ஏஜென்ட் பெயர் என்ற தலைப்புக்குப் பக்கத்தில் பொடியாக ஒரு புனல் படம். மேடம் அதை அழுத்தினார். ஏஜென்ட் பெயர்கள் எல்லாம் வரிசையாக வந்தன, ஒவ்வொன்றுக்கும் முன்னால் டிக். ஒரே ஒரு பெயருக்கு மட்டும் டிக் இல்லை.

"ஐயோ, நான்தான்" என்றார் மெதுவாக.

எனக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார். பாதி மாசத்தில், வண்டி வாடகை பார்ப்பதற்காக, எங்கள் வண்டியில் திரும்பி வந்த ட்ரே மட்டும் எத்தனை என்று மேனேஜர் கேட்டிருந்தார். மேடம் தவளக்குப்பத்தின் டிக்கை எடுத்துவிட்டு பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். அந்த வடிகட்டலை எடுக்காமலேயே சேவ் பண்ணி மூடிவிட்டார். அதுவரைக்கும் ஏற்றியிருந்த தவளக்குப்பத்து வரிகள் அழியவில்லை, மறைந்துதான் இருந்தன. பிறகு ஏற்றிய வரிகள் கீழே வழக்கம்போலத் தெரிந்தன. மேலே போட்டிருந்த கூட்டல், கண்ணுக்குத் தெரிகிற வரிகளை மட்டும் கூட்டுகிற கூட்டல். வெளியே போன ட்ரேக்களுக்கு வேறு ஷீட், அதில் ஒன்றும் மறையவில்லை. போனது முழுசாக வந்தது, திரும்பியது குறைந்தது.

அவர் அந்தக் கட்டத்தில் டிக் போட்டார். நடுநடுவே ஏழு வரிகள் திறந்துகொண்டன. மேலே இருந்த எண் மாறியது. நான் நோட்டின் ஓரத்தில் பென்சிலால் அந்த ஏழையும் கூட்டினேன். இருநூற்று முப்பத்து நாலு.

சந்தோஷப்பட வேண்டிய நேரம் அது. மேடம் எழுந்து மேனேஜர் அறைக்குப் போனார். கதவு சாத்தவில்லை, பேச்சு எனக்குக் கேட்டது. தன் தப்பு என்று மறைக்காமல் சொன்னார். அதை நான் எழுதியே ஆகவேண்டும். மேனேஜர், திருத்தின ரிப்போர்ட்டை இன்றைக்கே அனுப்பு, காரணம் எல்லாம் எழுத வேண்டாம் என்றார்.

"அந்த ஆளு, சார்?"

"வேற ஆளு வந்து மூணு நாளாச்சும்மா. அவன் மேல சந்தேகம்னு கான்ட்ராக்டருக்கு எழுத்துல குடுத்திருக்கேன். இப்ப இல்லன்னு எழுதுனா ஏன்னு சென்னையில கேப்பாங்க. உன் பேரச் சொல்லவா?"

மேடத்துக்கும் வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அவர் ஒருத்தர்தான். வெளியே வந்து உட்கார்ந்து, திருத்தின ரிப்போர்ட்டை டைப் அடித்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டே அடித்தார். நான் நோட்டோடு நின்றுகொண்டிருந்தேன். மேனேஜர் அறைக் கதவு அப்போதும் திறந்தேதான் இருந்தது. நான் போய், நானும் எண்ணுவேன் சார், அவன் ஒருநாளும் தப்பாகச் சொன்னதில்லை என்று சொல்லியிருக்கலாம். ஏழெட்டு அடி தூரம் இருக்கும். போகவில்லை.

மேடம் என்னைப் பார்க்காமல், "அவரு மேல தப்பில்லன்னு நீங்களாவது போய்ச் சொல்றீங்களா அண்ணா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வைத்திக்குப்பம் போனேன். படகுகள் கரையேறி, மீன் விற்பனை பாதி முடிந்திருந்தது. அவன் சொந்தக்காரர் படகில் வலையிலிருந்து நண்டு எடுத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தான். மணல் ஒட்டிய கையை லுங்கியில் துடைத்துக்கொண்டான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, "இன்னாடா, ட்ரே தேடிக்கினு வந்துருக்காரா?" என்று கேட்டாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அதற்குள் விஷயம் குப்பம் முழுக்கத் தெரிந்திருந்தது.

நடந்ததைச் சொன்னேன். மறைந்த வரிகள், டிக் இல்லாத பெயர், எல்லாம். எனக்கே பாதிதான் புரிந்தது என்பதால் சுற்றிச் சுற்றிச் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டான்.

"அப்ப நான் எடுக்கலன்னு தெரிஞ்சி போச்சி."

"தெரிஞ்சி போச்சி."

"வேலைக்கு வரச் சொன்னாங்களா?"

"இல்ல."

"கான்ட்ராக்டருகிட்டயாவது சொன்னாங்களா? அவரு வேற எங்கயும் என்ன வெக்கமாட்டேங்கறாரு."

"இல்லப்பா."

"அப்ப யாருக்குண்ணே தெரிஞ்சிது?"

மேனேஜர் கேட்டதையும் நான் சொன்னதையும் அப்போது சொல்லிவிட்டேன். நானும் கூடவே எண்ணிக்கொண்டுதான் இருந்தேன், அதைச் சொல்லவில்லை என்பதையும் சொன்னேன். திட்டுவான் என்று நினைத்தேன், திட்டட்டும் என்றுதான் போயிருந்தேன். அவன் திட்டவில்லை.

"ஏழு வருசமா எண்ணுனீங்களா?"

"ஆமா."

அவன் கடல் பக்கம் திரும்பிக்கொண்டான். வலைப் பக்கம் இருந்தவர்கள் அவனைக் கூப்பிட்டார்கள். வந்துட்டேன் என்றான். நாலடி போனவன் நின்று, ட்ரே கழுவுகிற இடத்தில் ஆணியில் அவனுடைய சாப்பாட்டு கேரியரும் ஒரு சட்டையும் தொங்குகிறது, எடுத்து அனுப்பமுடியுமா என்று கேட்டான். நாளைக்கே நான் கொண்டு வந்து தருகிறேன் என்றேன்.

"வேணாம்ணே. நீங்க வராதீங்க. யாருகிட்டயாவது குடுத்தனுப்புங்க."