அம்மாவின் முந்தானைக்கு எழுதிய குறிப்பு

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் எனக்கு வேலை. புடவையை விரித்துப் படம் எடுத்து ஏஐ செயலியில் போட்டால், ஒரு பெண் அதைக் கட்டிக்கொண்டு நிற்பதுபோல் படம் வரும். கட்டு எப்படி என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும். வெறுமனே மடிசார் என்றால் அது தலைகால் புரியாமல் எதையோ சுற்றிவிடும். குடகுக் கட்டு என்றால் கொசுவத்தை முன்னால் கொண்டுவந்து வைக்கும். அதனால் பேரை நம்புவதை விட்டுவிட்டேன். கொசுவம் பின்னால், முந்தானை வலது தோளில், அதுவும் கட்டியிருப்பவளின் வலது, பார்ப்பவரின் வலது அல்ல என்று ஒவ்வொன்றாக எழுதுவேன். இந்த வேலையில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

அம்மா இறந்து பத்தாம் நாள், செவிலிமேட்டு வீட்டில் தங்கை கேட்டாள். கருமாதிக்கு அம்மாவின் முழுப்படம் வேண்டும், இருப்பதெல்லாம் முகம் மட்டும் தெரியும் செல்போன் படங்கள். நான் உடனே உட்கார்ந்தேன்.

முதலில் வந்த படத்தில் அம்மா, முந்தானையை மடிப்பெடுத்துத் தோளில் பின் குத்திக்கொண்டு கல்யாணப் பெண்போல நின்றாள்.

"அம்மா இப்பிடியா கட்டுவாங்க? நல்லா யோசிச்சு எழுதுக்கா" என்றாள் தங்கை.

கண்ணை மூடி அம்மாவை நிற்கவைத்துப் பார்த்தேன். பிறகு எழுதினேன். முந்தானைக்கு மடிப்பு இல்லை, பின் இல்லை. அவளுடைய இடது தோளின் மேல் போய், முதுகில் இறங்கி, வலது கைக்கு அடியில் முன்னால் வரும். மார்பை இன்னொரு சுற்று மூடி, இடது இடுப்பில் செருகியிருக்கும். இடது கை அதை அணைத்தபடி இருக்கும்.

இரண்டு முறை திருத்தியதும் வந்துவிட்டது. அம்மாவேதான். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

தங்கை படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நம்ம சின்ன வயசுலல்லாம் சாதாரணமாதானே கட்டிக்கினு வருவாங்க. இது எப்பலேர்ந்துக்கா?"

போன தீபாவளிக்கும் முன்னாலிருந்து. அதைச் சொல்லாமல் படத்தைச் சேமித்தேன். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, இடது மார்பில் கட்டி, ஒரு வருஷத்துக்கு மேலாக இருந்திருக்கும், வீட்டில் யாரும் கவனிக்கவில்லையா என்று டாக்டர் எங்களைத்தான் கேட்டார். அம்மா மறைத்துவிட்டாள் என்று அழுதோம்.

நான் கவனித்திருந்தேன். ஊரார் புடவைக் கட்டையெல்லாம் தோள் தோளாகப் பார்க்கிறவள், வீட்டில் பார்க்காமல் இருப்பேனா? அடுப்படியில் நின்றவளை ஒருநாள் கேலிகூடச் செய்தேன்.

"இன்னாமா, புதுசா பெங்காலிக்காரி மாதிரி சுத்திக்கினு இருக்கே?"

அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடிக்கொண்டாள்.